கழுவினாலும் போகாத பால்

கேள்வி: நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். யூத உணவு விதிகளுக்கு உகந்தது என்று காட்டும் கோஷர் முத்திரை இருந்தது, பக்கத்திலேயே 'டி' என்று ஒரு எழுத்தும் இருந்தது. பொருள் பட்டியலில் பால் இல்லை. கறிச் சாப்பாடு முடியும்வரை அதை மேசைக்கே கொண்டுவரவில்லை, முடிந்ததும் எடுத்துச் சாப்பிட்டார்கள். பால் இல்லையென்றால் 'டி' எதற்கு? பால் உண்டு என்றால் கறி தின்ற கையோடு எப்படிச் சாப்பிட்டார்கள்? அவர்கள் சமையலறையில் சட்டி, கத்தி, சிங்க் எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன. நன்றாகக் கழுவினால் போதாதா?

பதில்:

உங்கள் பிஸ்கட்டில் பெரும்பாலும் பால் இருந்திருக்காது. ஆனால் பால் சேர்த்த பிஸ்கட் சுடும் அதே இயந்திர வரிசையில் அதையும் சுட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பண்டத்தைக் கறியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கறி சாப்பிட்ட பிறகு, காத்திருக்காமல் சாப்பிடலாம். பக்கத்து வீட்டார் செய்தது விதியை அப்படியே பின்பற்றியதுதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் இரண்டு சிங்க் ஏன் என்பதும் புரிந்துவிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

முதலில் மூலம். "குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்ற வாக்கியம் யூத வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது: யாத்திராகமத்தில் இரண்டு முறை, உபாகமத்தில் ஒரு முறை. ஒரே வாக்கியம் மூன்று முறை ஏன் என்று கேட்ட தல்மூத் என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு, மூன்று தடைகளுக்காக என்று பதில் சொல்கிறது. கறியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, சமைத்ததைச் சாப்பிடக் கூடாது, அதிலிருந்து எந்தப் பலனும் அடையக் கூடாது. பலன் என்றால் விற்பது மட்டுமல்ல, நாய்க்குப் போடுவதும் அதில் அடங்கும்.

இது ஆடு, மாடு போன்றவற்றின் கறிக்கும் அவற்றின் பாலுக்கும் உள்ள மூலச் சட்டம். கோழிக்குத் தாய்ப்பால் ஏது? ஆனால் கோழியும் தட்டில் கறி மாதிரியே இருக்கிறது, மக்கள் குழம்பிப்போவார்கள் என்று யூத மதகுருக்களான ரபிகள் பிற்பாடு அதையும் சேர்த்துவிட்டார்கள். கலிலேயாவைச் சேர்ந்த ரபி யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தல்மூத்தே பதிவு செய்திருக்கிறது. இன்று எல்லோருக்கும் தடைதான். ஆனாலும் ரபிகள் போட்ட தடை என்பதால், தவறு நேர்ந்துவிட்டால் கோழி விஷயத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. மீன், முட்டை, காய், பழம், தானியம், எண்ணெய் எல்லாம் இரண்டு பக்கமும் சேராதவை. அவற்றைப் 'பரேவ்' என்பார்கள்.

தேங்காய்ப் பாலும் பரேவ்தான். நம் வழக்கப்படி தேங்காய்ப் பால் ஊற்றிய ஆட்டுக்கறிக் குழம்புக்குச் சட்டப்படி தடை இல்லை. ஆனால் வெள்ளையாக இருப்பதைப் பார்ப்பவர் பசும்பால் என்று நினைத்துக்கொள்வார். 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் ரபி மோசே இசர்லெஸ் பாதாம் பாலுக்கு ஒரு வழி எழுதிவைத்தார்: பாதாம் பாலில் செய்த கறி என்றால் பக்கத்தில் நாலு பாதாம் பருப்பை வைத்துவிடுங்கள், பார்ப்பவருக்குத் தெரியும். அந்தக் கணக்கில் குழம்பின் மேல் நாலு தேங்காய்ச் சில்லைத் தூவினால் சரியாகிவிடும்.

இனி பாத்திரத்துக்கு வருவோம். கோஷர் சட்டத்தின் பார்வையில் உணவின் ருசியும் உணவே. சூடு இருந்தால் அந்த ருசி பாத்திரத்தின் சுவருக்குள் இறங்கும். மறுபடி சூடு வரும்போது சுவரிலிருந்து கிளம்பி அடுத்த சமையலுக்குள் போகும். கழுவினால் மேலே ஒட்டியது போகும், உள்ளே இறங்கியது போகாது. பாலைக் காய்ச்சிய சட்டியைப் பளபளவென்று தேய்த்துவிட்டு அதில் கறி வைத்தாலும், பாலையும் கறியையும் சேர்த்து வைத்ததாகவே கணக்கு. இரண்டு செட் பாத்திரம் இதற்காகத்தான்.

நம் பக்கத்துச் சில வீடுகளில் 'பத்து' பார்ப்பதை நினைத்து, இதுவும் அதுதானே என்று தோன்றலாம். அப்படியல்ல. பத்து தொட்டாலே ஒட்டும், தண்ணீர் பட்டால் போய்விடும். இங்கே ஆறிய பொருள் தொட்டால் ஒன்றும் ஆகாது, அலம்பினால் போதும். சூடுதான் எல்லாம். கை பொறுக்காமல் விலக்கிக்கொள்ளும் அளவுதான் எல்லை. இன்று அதைச் சுமார் 45 டிகிரி செல்சியஸ் என்று கொள்கிறார்கள். ஒரே ஃப்ரிட்ஜில் கறியும் தயிரும் மூடி இருக்கலாம், இரண்டு ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டு எண்களைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒன்று, 24 மணி நேரம். பாத்திரம் சும்மா கிடந்தால் உள்ளே இறங்கிய ருசி கெட்டுப்போனதாகக் கணக்கு. கெட்ட ருசி உணவைத் தடை செய்யாது. ஆனால் "24 மணி நேரம் ஆகிவிட்டதே" என்று தெரிந்தே எடுத்துச் சமைக்கக் கூடாது. தவறு நடந்த பிறகு காப்பாற்றுவதற்கு மட்டுமே இந்த விதி. இரண்டாவது எண் 60. தவறிக் கலந்த பொருளைப் போல் 60 மடங்கு மற்றது இருந்தால் ருசி கரைந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கேயும் வேண்டுமென்றே கலந்தால் செல்லாது. ஒரு தொழிற்சாலை, நூற்றில் ஒரு பங்குதான் பால் பவுடர் போடுகிறோம், பரேவ் என்று எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டால் கிடைக்காது.

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அடுப்பில் மாட்டுக்கறி சூப் கொதிக்கிறது. அவசரத்தில் யாரோ பால் பக்கத்து எவர்சில்வர் கரண்டியை விட்டுக் கிளறிவிட்டார்கள். கரண்டி சுத்தமாகத்தான் இருந்தது. ரபியிடம் போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி: அந்தக் கரண்டி கடைசியாகச் சூடான பாலில் எப்போது பட்டது? தயிருக்கும் ஐஸ்கிரீமுக்கும் மட்டுமே பயன்பட்ட கரண்டி என்றால் அதற்குள் பால் ருசி இறங்கவே இல்லை, சூப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தாநாள் பால் பாயசம் கிளறியது என்றால் 24 மணி நேரம் தாண்டிவிட்டது. சூப்பைச் சாப்பிடலாம், சட்டியும் சரி. கரண்டிக்கு மட்டும் வேலை இருக்கிறது, ஏனென்றால் அதற்குள் இப்போது இரண்டு ருசியும் சேர்ந்துவிட்டன.

இன்று காலைதான் பாலைக் கிளறியது என்றால் அளக்க வேண்டும். கரண்டி எவ்வளவு பாலைக் குடித்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சூப்பில் முங்கிய பகுதி முழுக்கப் பால் என்றே வைத்துக்கொள்வார்கள். ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதே மாதிரிக் கரண்டியை அதே ஆழம் முக்கினால் வழியும் தண்ணீர்தான் அந்த அளவு. 15 மில்லி வழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மடங்கு என்றால் 900 மில்லி. சட்டியில் தண்ணீர், கறி, காய் எல்லாம் சேர்ந்து இரண்டு லிட்டர் இருந்தால் சூப்பும் சட்டியும் தப்பித்தன. 600 மில்லிதான் இருந்தது என்றால் சூப் கொட்டப்பட வேண்டியது. மாட்டுக்கறி என்பதால் நாய்க்கும் போட முடியாது. கோழி சூப் என்றால் அந்தத் தளர்வு இங்கே உதவும்: தின்னக் கூடாது, ஆனால் நாய்க்கு ஊற்றலாம். பலர் இந்த இடத்தில் செய்யும் பிழை, பதறிப்போய்ச் சூப்பில் இன்னும் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது. அது வேண்டுமென்றே கரைப்பதில் சேர்ந்துவிடும், பயன் இல்லை.

கரண்டியை மீட்பது எப்படி? சூட்டோடு உள்ளே போனது சூட்டோடுதான் வெளியே வரும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, 24 மணி நேரம் எதற்கும் எடுக்காமல் வைத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் முழுக்க முக்கி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். கொதி அடங்கிய தண்ணீர் உதவாது. கைப்பிடியில் ஆணி, இடுக்கு, ஒட்டுப்போட்ட மரம் இருந்தால் உள்ளே அழுக்கு தங்கும். அதை எடுக்க முடியாவிட்டால் முக்கியும் பயனில்லை. தண்ணீரோ குழம்போ இல்லாமல் நேரே நெருப்பில் கறி வாட்டும் கம்பிக்குக் கொதிநீர் போதாது, பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண்சட்டி, பீங்கான் இரண்டுக்கும் மீட்பே இல்லை. ஒருமுறை ஏறியது இறங்காது என்பது சட்டம். கண்ணாடி எதையும் குடிக்காது என்று ஸ்பெயின் வழி வந்த செபார்தி யூதர்கள் கொள்கிறார்கள், மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி யூதர்கள் அதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். தினமும் ஒரே சட்டியைக் கொதிக்க வைத்துக் காலையில் பாலுக்கும் மாலையில் கறிக்கும் மாற்றிக்கொள்ளலாமே என்றால், அஷ்கெனாசி வழக்கம் அதற்கு இடம் தருவதில்லை. ஒருநாள் மறந்துவிட்டால் முடிந்தது என்பதே காரணம்.

வெளியாருக்குக் கொஞ்சமும் எதிர்பாராத இடம் வெங்காயம். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி போன்றவற்றின் காரமும் கத்தி அழுத்தும் வேகமும் சேர்ந்து, சூடு இல்லாமலேயே கத்தியிலிருந்து ருசியை இழுத்துவிடும். கறிக் கத்தியால் நறுக்கிய வெங்காயத்தைச் சீஸ் போட்ட ஆம்லெட்டில் சேர்க்க முடியாது. அஷ்கெனாசி நடைமுறையில் 24 மணி நேர விதியும் இங்கே கைகொடுக்காது, காரம் கெட்ட ருசியைக்கூட நல்லதாக்கிவிடும் என்பார்கள். ஒரு வீட்டில் எங்கே பிசகு நடக்கும் என்று கேட்டால் சட்டியைவிட இதைத்தான் சொல்ல வேண்டும். சட்டியை யாரும் மாற்றி எடுப்பதில்லை, பூண்டை எந்த மிக்ஸியில் அடித்தோம் என்பதுதான் மறந்துபோகும். அதனால் பல வீடுகளில் கறிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று போக, வெங்காயத்துக்கென்றே பரேவ் கத்தியும் பலகையும் மூன்றாவதாக இருக்கும். பிடியில் சிவப்பு, நீலம், பச்சை ஒட்டிவைப்பது பொதுவான பழக்கம். சிவப்பு கறிக்கு, நீலம் பாலுக்கு.

சிங்க் இரண்டு இருப்பதற்கும் இதே சூட்டுக் கணக்குதான். கறித் தட்டும் பால் தட்டும் ஒரே தொட்டியில் கிடக்க, மேலே கொதிநீர் விழுந்தால் ஒன்றின் ருசி மற்றதில் ஏறும். ஒரே சிங்க் உள்ள வீட்டில் தனித்தனி பேசினோ, அடியில் வைக்கும் கம்பித் தட்டோ வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். ஓவனில் ஆவி பரவும், ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது. ஒன்றை எப்போதும் இறுக மூடியே வைப்பது வழக்கம். சாப்பாட்டு மேசையில் ஒருவர் கறியும் மற்றவர் தயிரும் சாப்பிட்டால், தெரிந்தவர்கள் என்றால் நடுவில் வழக்கமாக அங்கே இராத ஒரு பொருளை வைப்பார்கள், பேச்சுவாக்கில் ஒருவர் தட்டில் மற்றவர் கை வைக்காமலிருக்க.

வயிற்றிலும் இடைவெளி உண்டு. கறி சாப்பிட்டால் பால் சாப்பிட 6 மணி நேரம் காத்திருப்பது பெரும்பாலோர் வழக்கம். ஜெர்மன் யூதக் குடும்பங்களில் 3 மணி, டச்சுக் குடும்பங்களில் 1 மணி. பால் முதலில் என்றால் வாயைக் கொப்பளித்து, கையைக் கழுவி, ரொட்டி மாதிரி ஏதாவது தின்றுவிட்டுக் கறிக்குப் போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் பழுத்த கெட்டிச் சீஸுக்கு மட்டும் கறி மாதிரியே காத்திருப்பது அஷ்கெனாசி வழக்கம்.

இப்போது உங்கள் பாக்கெட். அமெரிக்காவில் அதிகம் கண்ணில் படும் முத்திரை வட்டத்துக்குள் 'யூ' எழுத்து. ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற அமைப்பு 1923-இல் ஹைன்ஸ் நிறுவனத்தின் பீன்ஸுக்குத் தந்ததிலிருந்து தொடங்கியது அது. முத்திரை மட்டும் தனியாக இருந்தால் பொதுவாகப் பரேவ். பக்கத்தில் 'டி' இருந்தால் பால். சில சான்றிதழ் அமைப்புகள் 'டிஇ' என்று போடுவதுண்டு: பண்டத்தில் பால் இல்லை, பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் யூனியன் நெடுங்காலம் இரண்டுக்கும் ஒரே 'டி'யைத்தான் போட்டுவந்தது. 'இ'யைப் பார்த்துப் பழகியவர்கள் உண்மையான பால் பண்டத்தையும் அப்படி நினைத்துவிடக் கூடாது, தயாரிப்பு முறை நாளை மாறவும் கூடும் என்பது அவர்கள் வாதம். வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் பாதித் தகவலை மறைப்பதாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஓரியோ இதற்குப் பழகிய உதாரணம். பொருள் பட்டியலில் பால் இல்லை, முத்திரையில் 'டி' இருந்துவந்தது. உங்கள் பக்கத்து வீட்டார் பட்டியலைப் படித்தோ, அமைப்பிடம் விசாரித்தோ அது வெறும் இயந்திரப் பால் என்று தெரிந்துவைத்திருப்பார்கள்.

இயந்திரப் பாலுக்கு ஏன் பாதித் தடை மட்டும்? பாலின் ருசி இயந்திரச் சுவரில் இறங்கியது, அங்கிருந்து பிஸ்கட்டுக்கு வந்தது. ருசியிலிருந்து வந்த ருசி, இரண்டு தடவை இளைத்துப்போனது. அதைக் கறியோடு சேர்க்க அஷ்கெனாசி வழக்கம் விடாது. ஆனால் கறிக்குப் பின் தின்றால் காத்திருக்கும் அளவுக்கு அதில் பால் இல்லை. சமையலறையிலும் இதே கணக்குதான். சுத்தமான கறிச் சட்டியில் வெறும் உருளைக்கிழங்கு வேகவைத்தால் அதைப் பால் தட்டில் வைத்துச் சாப்பிடலாம், வெண்ணெய் தடவக் கூடாது.

தொழிற்சாலைக்காரர் நடுவில் இயந்திரத்தைச் சுத்திகரித்துப் பரேவ் முத்திரை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றால், கரண்டிக்குச் சொன்ன அதே முறைதான் அங்கும்: 24 மணி நேரம் நிறுத்தி, உள்ளே கொதிநீர் ஓட்ட வேண்டும். ஒருநாள் உற்பத்தி போகும். சாக்லேட் ஆலையில் சிக்கல் இன்னும் பெரிது. உருகிய சாக்லேட்டில் சிறிது தண்ணீர் பட்டாலே கட்டிதட்டிப்போகும், அதனால் அந்தக் குழாய்களில் தண்ணீரே விடமாட்டார்கள். மில்க் சாக்லேட் முடிந்ததும் கொக்கோ வெண்ணெயையோ அடுத்த சாக்லேட்டையோ ஓட்டித் தள்ளிவிடுவார்கள். பால் சேர்க்காத டார்க் சாக்லேட் பலவற்றில் 'டி' இருப்பதன் காரணம் இதுவே. வெறும் ருசிக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இல் வெளியிட்ட சோதனையில், பாலைப் பொருளாகக் குறிப்பிடாத டார்க் சாக்லேட்டுகள் பலவற்றில் நிஜமாகவே பால் இருந்தது.

ஆலையைச் சோதிக்க வருபவர் கொதிகலனையும் பார்ப்பார். நீராவி, பால் கொப்பரையின் வெளிச்சுவரைச் சூடாக்கிவிட்டுத் தண்ணீராகி, மறுபடி கொதிகலனுக்குத் திரும்பும். அதே நீராவி அடுத்த அறையில் பரேவ் கொப்பரைக்குப் போனால் பாலின் ருசியும் கூடவே போகிறது. பால் பக்கத்துத் தண்ணீரைத் திரும்ப விடாமல் சாக்கடைக்குத் திருப்பு, அல்லது கொதிகலனில் கசப்பு மருந்து கலந்து அதன் ருசியைக் கெடு என்று சொல்லிவிட்டுப் போவார். கெட்ட ருசி தடை செய்யாது என்ற பழைய விதி இங்கே குழாய்க்குள் வேலை செய்கிறது.

கடையில் ஏமாற்றும் எழுத்துகள் இரண்டு. முத்திரைக்குப் பக்கத்தில் 'பி' இருந்தால் பலர் பரேவ் என்று படித்துவிடுகிறார்கள். அது பாஸோவர் பண்டிகைக்கு உகந்தது என்ற குறி. பால் உள்ள பண்டத்திலும் அது வரும். அடுத்தது, காப்பியில் போடும் வெள்ளைப் பொடியின் மேல் 'நான்-டெய்ரி' என்ற சொல். அதில் பெரும்பாலும் சோடியம் கேசினேட் இருக்கும், அது பாலிலிருந்து எடுத்த புரதம். அமெரிக்கச் சட்டப்படி அப்படி எழுதினால் பட்டியலில் கேசினேட்டுக்குப் பக்கத்தில் அது பால் வழிப்பொருள் என்று சொல்லியாக வேண்டும். கோஷர் முத்திரையில் 'டி' இருக்கும். லாக்டோஸ் நீக்கிய பாலும் பால்தான். மறுபக்கம், கொக்கோ வெண்ணெய்க்குப் பெயரில் மட்டுமே வெண்ணெய். ஆனால் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பரேவ் முத்திரையை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். தவறிக் கலந்த சிறு அளவை 60 மடங்கு விதி மன்னிக்கும், ஒவ்வாமை மன்னிக்காது.

ரொட்டியில் தனி விதி ஒன்று. ரொட்டி எந்தச் சாப்பாட்டோடும் மேசைக்கு வரும் என்பதால், பால் ஊற்றிப் பிசைந்த ரொட்டியே சுடக் கூடாது. சுட்டால் பாலோடுகூடத் தின்ன முடியாது. ஒரே வேளையில் தீர்ந்துபோகும் சிறு அளவாகவோ, பார்த்ததும் தெரியும் வேறு வடிவமாகவோ இருந்தால் மட்டும் விலக்கு. இந்த முத்திரைகள் உள்ள சாதாரண ரொட்டியில் 'டி' அரிதாகவே இருப்பது அதனால்.

அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது வெறும் முத்திரை மட்டும் உள்ள, 'டி' இல்லாத பாக்கெட்டாகப் பாருங்கள். அல்லது வெட்டாத பழம் கொண்டுபோங்கள், அதற்கு முத்திரையே வேண்டாம். பாக்கெட்டை உங்கள் வீட்டில் பிரித்துத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோக வேண்டாம். மூடியபடியே கையில் கொடுங்கள், எந்தத் தட்டில் வைப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.